மூன்றாவது மெயில்

சட்டைப்பைக்குள் கைப்பேசி அதிர்ந்ததும் கேப்டன் கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். மேற்பார்வையாளரான அவளுக்கு மேடையில் எல்லோரும் வைத்த பெயர் அது. குளிர்பதனக் கிடங்கின் லோடிங் மேடையில் அப்போது இரண்டு லாரிகள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. உறைந்த பட்டாணிப் பெட்டிகள் ஒருபக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. மெயில் அனுப்பி அரை நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் பதில். இவ்வளவு வேகமாகப் பதில் போடுகிற மனிதர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மைனஸ் பதினெட்டில் பதினோரு வருஷம் நின்றவளுக்கே அது புதுக் குளிர்.

திறந்து பார்த்தாள். "தங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி. நான் தற்போது விடுமுறையில் இருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அலுவலகம் திரும்புவேன்." அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. அவசரம் என்றால் யாரையோ பாருங்கள் என்று ஒரு பெயர், ஒரு எண். அவள் அதுவரை போகவில்லை. விடுமுறை என்ற சொல்லிலேயே கண் நின்றுவிட்டது.

"போயிட்டானா, விடுமுறைக்குப் போயிட்டானா" என்று வாய்விட்டே சொன்னாள். பட்டாணி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அந்தக் கிடங்கு மூடப்படப் போகிறது. அதே முதலாளிக்கு ஒரு ராத்திரி ரயில் பயணத் தொலைவில் இன்னொரு நகரத்தில் பெரிய கிடங்கு இருக்கிறது. இங்கிருந்து அங்கே போக ஒரே ஒரு மேற்பார்வையாளர் இடம். பணி மூப்புப்படி முதலில் அவளுக்கு. அவள் வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு. வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கிளை மேலாளரிடம் கொடுக்க வேண்டும். போட்டால் அவள் அங்கே விடுதியில் ஒரு கட்டிலில் கிடப்பாள். புருஷனையும் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிற மகளையும் மாதம் இரண்டு முறை விருந்தாளி மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போவாள். போடாவிட்டால் வேலை இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி திறந்திருந்தது. இதே ஊரில் ஒரு உணவுப்பொருள் நிறுவனத்தில் சரக்குத் திட்டமிடும் வேலை. நேர்காணலுக்குப் போய்வந்தாள். அந்த மேலாளர் அவளோடு ஒரு மணி நேரம் பேசினார். லாரி வரிசையைப் பற்றி அவள் சொன்னதைத் தானே ஒரு தாளில் குறித்துக்கொண்டார். வாசல்வரை வந்து, "ஒரு வாரத்துல சொல்லிடறேன்மா" என்றார். அந்த ஒரு வாரம் போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துபோனது. மனுஷன் வாயில் கொழுக்கட்டை.

இன்று, திங்கட்கிழமை காலை, அவருக்கு அவள் அனுப்பிய முதல் மெயில் இது. புருஷனும் அவளும் உட்கார்ந்து மூன்று முறை திருத்தி எழுதியது. "நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. தங்கள் முடிவைத் தங்களுக்கு வசதியான நேரத்தில் தெரிவித்தால் மகிழ்வேன்." கண்ணாடி மாதிரி பளபளத்த பணிவு. வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதலாமா என்று புருஷன் கேட்டார். அவர் வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கிற தொழிலாளி. எதையும் நேராகக் கேட்டுப் பழகியவர். "வேண்டாம், மிரட்டற மாதிரி இருக்கும்" என்று அவள்தான் சொன்னாள்.

"கேப்டன்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு அடுத்த நிலையில் இருக்கிற உதவி மேற்பார்வையாளர். உறைபனி அறைக்குள் போகிற தடித்த கோட்டுக்கு உள்ளேயும் இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார்; அதனால் வந்த பெயர். அதிகம் பேச மாட்டார்.

"அந்தப் படிவம்… முடிவு பண்ணிட்டீங்களா? நீங்க போகலைன்னா எனக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. என் சம்சாரத்தோட ஊரு அதுதான். அங்க போனா புள்ளைங்களைப் பார்த்துக்க ஆள் இருக்கும்."

"வெள்ளிக்கிழமை சொல்றேன் மாப்பிள்ளை. அதுக்குள்ள என்ன அவசரம்" என்றாள் கேப்டன், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே. வேறு இடத்தில் வேலை தேடுகிறாள் என்ற பேச்சு கிளை மேலாளரின் காதுக்குப் போய்விட்டால், சம்மதப் படிவத்தையே பிடுங்கிக்கொள்வான் அந்த ஆள். அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று சாயந்திரம் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். ஒரு பெரிய கம்பெனியின் இயக்குநருக்குச் செயலாளர். நாள் முழுக்க மெயில்களோடு மல்லுக்கட்டுகிறவள். கேப்டன் அவளிடம் பாதிக் கதையைத்தான் சொன்னாள்: நேர்காணல், வாக்குறுதி, விடுமுறைப் பதில். இடமாற்றத்தையும் வெள்ளிக்கிழமையையும் விழுங்கிவிட்டாள். அண்ணி வேறு ஊருக்குப் போகிறாள் என்று ஒரு சொல் வெளியே போனால் போதும், மாமனார் வீட்டில் மறுநாளே பஞ்சாயத்து கூடிவிடும்.

"அவசரம் ஒண்ணும் இல்லையே அண்ணி? அப்போ சும்மா இருங்க" என்றாள் நாத்தனார். "அடுத்த திங்கட்கிழமை வந்தா அவருக்கு மெயில் மலை மாதிரி கிடக்கும். அன்னைக்குப் போட்டா அதோட அடியில போயிடும். செவ்வாய்க்கிழமை பத்து, பத்தரைக்குப் போடுங்க. புதுசா எழுதாதீங்க, அதே மெயிலுக்குக் கீழயே ரெண்டு வரி. யாருன்னு அவருக்குத் தேட வேண்டியிருக்காது. அவசரம்னா அதுல ஒரு பேரு போட்டிருப்பாங்களே, அவங்களுக்கு எழுதலாம். அவசரம் இல்லைன்னா வேண்டாம்."

"அவசரம் இல்ல" என்றாள் கேப்டன். சொல்லும்போதே காது மடல் சூடானது. அவசரம் என்றால் அந்தப் பெயருக்கு எழுத வேண்டும். யாரென்றே தெரியாத ஒரு ஆளிடம் போய்க் கெஞ்ச வேண்டும். தன்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசிய மனுஷன் இருக்க, அவருக்குக் கீழே வேலை பார்க்கிற ஆளிடம் எதற்குக் கையேந்துவது? இதற்குப் பெயர் சுயமரியாதை என்று அவள் நினைத்தாள். வெறும் வீம்பு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமையைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். புதன்கிழமை மதியம் தாங்கவில்லை. அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி எழுதினாள். "முந்தைய மின்னஞ்சல் தங்கள் பார்வைக்கு வந்திருக்கும் என நம்புகிறேன். தங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்." அனுப்பிவிட்டு, அந்த விடுமுறைப் பதில் மறுபடி வந்து விழும் என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வரவில்லை.

சோற்றை முடித்துக்கொண்டு வந்தும் வரவில்லை. அடுத்த லாரி ஏறி முடிந்தும் வரவில்லை.

இந்த இடத்தில் அவளுடைய தொழில் அவள் காலை வாரிவிட்டது. கிடங்கில் ஒரு எச்சரிக்கை மணி இருக்கிறது. எந்த அறையிலாவது குளிர் குறைந்தால் அடிக்கத் தொடங்கும். யாராவது ஒருவர் பலகை முன்னால் வந்து, பார்த்துவிட்டேன் என்று பொத்தானை அழுத்தும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். மணி நின்றுவிட்டது என்றால் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். பதினோரு வருஷமாக அவள் காது அப்படித்தான் பழகியிருந்தது. திங்கட்கிழமை அடித்தது, புதன்கிழமை அடிக்கவில்லை. அப்படியென்றால் ஆள் வந்துவிட்டான். வந்து உட்கார்ந்து, இரண்டு மெயிலையும் படித்துவிட்டு, பதில் போடாமல் இருக்கிறான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுமுறையில் இருக்கிறவன்மேல் கோபப்படலாம், ஆனால் அது பாதிக் கோபம்தான். எதிரில் இருந்துகொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன்மேல் வருவதுதான் முழுக் கோபம். அன்று மேடையில் அவள் வாயில் அகப்படாத ஆள் இல்லை. பெட்டியைச் சாய்த்து வைத்தவன், கதவைத் திறந்து போட்டவன், சும்மா நின்றவன் எல்லோருக்கும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் நாளாகப் போனது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்தார்.

"கேப்டன், ஒரு நிமிஷம். அந்த விஷயம்…"

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னேனா இல்லையா? தினமும் வந்து தொணதொணக்காதீங்க. உயிரை எடுக்காதீங்க."

அவர் திரும்பிப் போய்விட்டார். வியாழக்கிழமை காலையில் மறுபடி வந்தார். இந்த முறை அவள் வாயைக்கூடத் திறக்கவில்லை. கையை உயர்த்தி, அப்புறம் என்பதுபோல் காட்டிவிட்டுத் தராசுப் பக்கம் போனாள்.

அன்று மதியம் உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது மெயிலை எழுதினாள். இதை யாரிடமும் காட்டவில்லை, ஒரு முறைகூடத் திருத்தவில்லை. கட்டைவிரல் தானாக ஓடியது.

"ஐயா, தாங்கள் விடுமுறை முடிந்து வந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றது தாங்கள். விடுமுறையில் போவதை ஒரு வார்த்தை சொல்லாமல் போனதும் தாங்கள். வந்த பிறகும் என் இரண்டு கடிதங்களுக்கும் வாயைத் திறக்காமல் இருப்பதும் தாங்களே. நாளை மாலை ஐந்து மணிக்குள் நான் வேறு ஊருக்குப் போகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தங்கள் பதிலுக்காகவே அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் மேடையில் லாரி ஓட்டுநரைக்கூட இப்படிக் காரணம் சொல்லாமல் நிற்க வைக்க மாட்டோம். ஒரு மனுஷியை நிற்க வைக்கிறீர்கள்."

அனுப்பினாள். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மீதி வேலையை அவள் சீட்டியடிக்காத குறையாகச் செய்து முடித்தாள். வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் வரிக்கு வரி படித்துக் காட்டினாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஆனா வேலை போச்சு" என்றார்.

"போனா போகட்டும். வந்து உட்கார்ந்துட்டுப் பதில் போடாத ஆளுகிட்ட வேலை பார்த்து என்ன கிழிக்கப் போறோம்?"

அந்த நேரத்தில் நாத்தனார், மகளுக்குப் பழைய பாடப் புத்தகங்கள் கொடுக்க வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அவர்தான் திங்கட்கிழமைன்னு போட்டிருந்தாரே. முன்னாடியே வந்துட்டார்னு எப்படித் தெரியும் அண்ணி?"

"ரெண்டாவது மெயிலுக்கு அந்தத் தானியங்கிப் பதில் வரலை. வந்துட்டார், நிறுத்திட்டார்."

நாத்தனார் ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். "அண்ணி. அது ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் போகும். நீங்க நூறு மெயில் போட்டாலும், அந்த விடுமுறை முடியற வரைக்கும் உங்களுக்கு மறுபடி வராது. அப்படித்தான் பல இடத்துல வச்சிருப்பாங்க. எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்."

"பொய் சொல்லாதே."

"அண்ணா, உங்க போனைக் குடுங்க."

புருஷனின் முகவரியிலிருந்து அந்த மேலாளருக்கு ஒரு வணக்கம் மட்டும் எழுதி நாத்தனார் அனுப்பினாள். மூவரும் கைப்பேசியின் மேல் குனிந்தார்கள். உடனே வந்து விழுந்தது. "தங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி. நான் தற்போது விடுமுறையில் இருக்கிறேன்."

கேப்டனுக்கு முகம் சுண்டிப்போனது. வராத மனுஷனைப் பார்த்து வந்துவிட்டாய் என்று கத்தியிருக்கிறாள். எங்கேயோ யாரோடோ நிம்மதியாக இருக்கிற மனுஷன் திங்கட்கிழமை வந்து பெட்டியைத் திறந்தால், மேலாக இருப்பது மூன்றாவது மெயில்தான்.

"திரும்ப எடுக்க முடியாதா?"

"வேற கம்பெனி ஆளுக்குப் போனதைத் திரும்ப எடுக்க முடியாது அண்ணி. அது சரி, அதென்ன கையெழுத்து? அதென்ன வேற ஊரு?"

அப்புறம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. நாத்தனார் கேட்டு முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் கோபம் வந்திருந்தது. "அவசரம் இல்லன்னு சொன்னீங்களே. நான் அதை நம்பித்தானே செவ்வாய்க்கிழமைன்னேன். வெள்ளிக்கிழமைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, திங்கட்கிழமையே இந்தக் கீழ இருக்கிற நம்பருக்குப் போன் போடுன்னு சொல்லியிருப்பேன். இது எதுக்கு எழுதி வச்சிருக்காங்க, அழகுக்கா?"

கேப்டன் அந்தக் கீழ் வரியை அப்போதுதான் முழுசாகப் படித்தாள். ஆள் சேர்ப்பு தொடர்பாக அவசரம் என்றால் மனிதவளப் பிரிவு அலுவலரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று தெளிவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் அந்த எண்ணுக்கு அழைத்தாள். உடை மாற்றும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். தணிந்துதான் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்தாள். கேப்டன் தன்னை யாரென்று சொன்னதும், "தெரியும்மா. உங்க மூணு மெயிலும் படிச்சேன்" என்றாள்.

"நீங்களா?"

"அவர் லீவுல இருக்கும்போது அவர் மெயில் பெட்டியை நான் பார்த்துக்கறேன். அவர் பார்க்கறதில்லை."

தணிந்து பேசுவது அதோடு போயிற்று. "பார்த்தீங்களா? திங்கட்கிழமையே பார்த்தீங்களா? பார்த்துட்டு அஞ்சு நாளா சும்மா இருந்தீங்களா? ஒரு வரி எழுதினா உங்க கை தேஞ்சு போயிருக்குமா?"

"முடிவு சொல்ற அதிகாரம் எனக்கு இல்லம்மா."

"முடிவு யார் கேட்டா? 'படிச்சோம், அவருதான் சொல்லணும், திங்கட்கிழமை வரார்'னு எழுத என்ன அதிகாரம் வேணும்?"

அந்தப் பெண்ணின் குரலும் இப்போது விறைத்துக்கொண்டது. "உங்க முதல் மெயில்ல என்ன எழுதியிருந்தீங்க? வசதியான நேரத்துலன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டாவதுலயும் அவசரம்னு ஒரு எழுத்து இல்ல. அவசரம்னா எனக்கு எழுதணும்னு போட்டிருக்கு, நீங்க எழுதலை. அப்போ உங்களுக்கு அவசரம் இல்லன்னுதானே நான் நினைப்பேன். வெள்ளிக்கிழமைன்னு நீங்க சொன்னது நேத்து மதியம். அதுவும் எப்படிச் சொன்னீங்கன்னு உங்களுக்கே தெரியும்."

இதில் பாதி உண்மை என்பதுதான் கேப்டனுக்கு எரிச்சலாக இருந்தது. பணிவாக எழுதினால் அவசரமில்லை, கோபமாக எழுதினால் மரியாதையில்லை. இவர்களுக்கு எப்படித்தான் எழுதித் தொலைப்பது?

"ஒரு தப்பு என்மேல இருக்கு. அவர் வந்துட்டார்னு நினைச்சது தப்பு. அந்த ஒரு வரியை வாபஸ் வாங்கிக்கறேன். மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. இன்னைக்கு அஞ்சு மணி. நான் ஊரை விட்டுப் போகணுமா இருக்கணுமான்னு அவர்தான் சொல்லணும். வேண்டாம்னு சொன்னாலும் சரி. அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

"லீவுல கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"அப்போ என்னை எதுக்கும்மா உங்களைக் கூப்பிடச் சொல்லி எழுதி வச்சிருக்கார்?"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மதியம் முழுக்கக் கேப்டன் மேடைக்கும் உடை மாற்றும் அறைக்கும் நடுவில் செக்கு மாடு மாதிரி அலைந்தாள். படிவம் நான்காக மடிந்து கோட்டுப் பையில் இருந்தது. இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு, அந்த வேலை கிடைத்தால் இதை உதறிவிடலாம் என்று காலையில் புருஷன் யோசனை சொல்லியிருந்தார். அப்படிச் செய்தால் அவள் போகாத இடம் வேறு யாருக்கும் போகாது. கெடு முடிந்த பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டார்கள். மாப்பிள்ளைக்கு அந்தத் துரோகத்தைச் செய்ய மாட்டேன் என்று அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றரை மணிக்கு அழைப்பு வந்தது. பின்னால் காற்று இரைகிற சத்தம். அந்த மேலாளர்.

"மூணாவது மெயிலைப் படிச்சுக் காட்டினாங்க" என்றார்.

கேப்டன் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நீங்க வந்துட்டீங்கன்னு நினைச்சுட்டேன். அது தப்பு."

"அது மட்டும்தான் தப்பு. லீவு ஏற்கெனவே போட்டிருந்தேன். வாசல்ல நின்னு ஒரு வாரம்னு சொல்லும்போது அது ஞாபகம் இல்ல. சொல்லியிருக்கணும். ஆனா ஒண்ணு கேக்கணும். நாளைக்கு எங்க சப்ளைக்காரங்களுக்கும் இப்படித்தான் எழுதுவீங்களா?"

"ரெண்டு தடவை நல்லவிதமா எழுதுவேன். மூணாவது தடவை இப்படித்தான் எழுதுவேன். பதில் வரலைன்னா எங்க தொழில்ல சரக்கு அழுகிப்போயிடும். அது வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க சார், எனக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் நேரம்."

அவர், "உங்களுக்குன்னு போன வாரமே முடிவு பண்ணியாச்சு. மேல ஒரு கையெழுத்து வரணும்னு விட்டு வச்சிருந்தேன். அது திங்கட்கிழமையே வந்துடுச்சாம், இப்பதான் சொன்னாங்க" என்றார்.

"எழுதி அனுப்புங்க சார். வாய்ப்பேச்சை ஏற்கெனவே ஒரு தடவை நம்பிட்டேன்."

நாலேகாலுக்கு மனிதவளப் பிரிவிலிருந்து மெயில் வந்தது. நியமனம் உறுதி, சம்பளம், சேர வேண்டிய நாள், முறையான கடிதம் திங்கட்கிழமை. கேப்டன் மூன்று முறை படித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்ததோ ஆத்திரம்தான். திங்கட்கிழமையே தயாராகக் கிடந்த ஒன்றுக்காகத்தான் ஐந்து நாள் வெந்திருக்கிறாள். இரண்டு தரம் பணிவாகக் கேட்டபோது அசையாத கதவு, ஒரு தரம் உதைத்ததும் திறந்துகொண்டது. இனி தானும் உதைக்கத்தானே பழகுவாள்?

எப்படியோ, வீட்டில் இருக்கலாம். மகளுக்குக் காலையில் தலை பின்னிவிடலாம். அதை நினைத்ததும் கோபம் கொஞ்சம் இறங்கியது. படிவத்தைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையைத் தேடி ஓடினாள். ஐந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவரையே கூட்டிக்கொண்டு போய்க் கிளை மேலாளர் முன்னால் நிறுத்திக் கையெழுத்துப் போட வைத்துவிடலாம்.

அவர் தன் அலமாரிக்கு முன்னால் இருந்தார். தடித்த கோட்டை மடித்துத் திருப்பிக் கொடுக்கும் அடுக்கில் வைத்துக்கொண்டிருந்தார். மேலே இஸ்திரி சட்டை மட்டும்.

"மாப்பிள்ளை, வாங்க வாங்க. நான் போகலை. இடம் உங்களுக்கு. ஓடி வாங்க, அஞ்சுக்குள்ள போட்டுடலாம்."

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "நான் மதியம் விலகல் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டேன் கேப்டன். ஆபீஸ்லயும் ஏத்துக்கிட்டாங்க, இனி மாத்த முடியாது."

"எதுக்கு?"

"இரும்புக் கிடங்குல ஆள் கேட்டாங்க. சம்பளம் கம்மிதான். இன்னைக்கே விலகின தாளைக் கொண்டுவந்தா எடுத்துக்கறேன், இல்லைன்னா வேற ஆளுன்னாங்க. உங்களுக்காகப் பார்த்துட்டே இருந்து அதையும் விட்டா, வீட்டுல என்ன பதில் சொல்றது?"

"நான்தான் வெள்ளிக்கிழமை சொல்றேன்னு…"

"சொன்னீங்க. திங்கட்கிழமை கேட்டேன், வெள்ளிக்கிழமைன்னீங்க. புதன்கிழமை கேட்டேன், உயிரை எடுக்காதீங்கன்னீங்க. நேத்து கேட்டேன், கையைக் காட்டினீங்க. அதுக்கு மேல எப்படிக் கேக்கறது? நீங்க போறதா முடிவு பண்ணிட்டீங்க, என் முகத்துக்கு நேரா சொல்லத்தான் சங்கடப்படறீங்கன்னு நினைச்சேன்."

"எனக்கே தெரியாது மாப்பிள்ளை. வேற ஒரு இடத்துல கேட்டிருந்தேன். அங்கேருந்து பதிலே வரலை. நான் என்ன பண்றது?"

"அதைச் சொல்லியிருக்கலாமே" என்றார் மாப்பிள்ளை. "இன்னும் தெரியலை, கொஞ்சம் பொறுங்கன்னு. நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். பொறுத்திருப்பேன்."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளும் திருப்பிப் போட்டிருப்பாள். அவளுக்கு அது தெரியும். அவர் அலமாரியின் சாவியை அவள் கையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். மேடையில் அடுத்த லாரி வந்து ஒலிப்பானை அடித்தது. கேப்டன் கையெழுத்தில்லாத படிவத்தையும் சாவியையும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள்.